ஒரே ஒரு கட்டை மாறினால்: லிடியனும் மிக்ஸோலிடியனும்

கீபோர்டில் இடது கையால் 'சி' கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் ச. வலது கையால் வெள்ளைக் கட்டைகளில் ச ரி க ம ப த நி ச என்று நிதானமாக ஏறுங்கள். இது எல்லோருக்கும் பழகிய மேஜர் ஸ்கேல், சங்கராபரணத்தின் சுரங்கள். இப்போது ம-வை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டையை வாசியுங்கள். அது லிடியன். ம-வைப் பழையபடி வைத்துக்கொண்டு, நி-க்குப் பதிலாக அதன் இடப்பக்கக் கறுப்புக் கட்டையை வாசித்தால் மிக்ஸோலிடியன். ஏழில் ஆறு சுரம் அப்படியே இருக்கிறது. ஆனால் முதலாவதில் ஹாலிவுட் படங்களின் வியப்புக் காட்சி கேட்கிறது, இரண்டாவதில் ராக் மேடையின் தெனாவெட்டு கேட்கிறது.

ஒற்றைச் சுரத்துக்கு எப்படி இத்தனை பலம்? மேஜர் ஸ்கேலில் அடுத்தடுத்த சுரங்கள் நடுவில் வேறு கட்டையே இல்லாமல், அரைச் சுர இடைவெளியில் ஒட்டி நிற்பது இரண்டே இடத்தில்தான்: க-வுக்கும் ம-வுக்கும் நடுவில், நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவில். இப்படி ஒட்டி நிற்கும் சுரங்களில் ஒன்று மற்றொன்றின் பக்கம் சாய்வதாகக் காதுக்குப் படும். ம கீழே இறங்கி க-வில் உட்காரப் பார்க்கிறது, நி மேலே ஏறி ச-வில் சேரப் பார்க்கிறது. நி-யில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள், ச-வை வாசிக்காமல் இருக்க முடியாது. மேற்கத்தியப் பாட்டு முடியும்போது வரும் 'ஜி செவன்' கார்டில், அதாவது ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தில், ப, நி, ரி, ம நான்கும் இருக்கின்றன. அது 'சி மேஜர்' கார்டுக்குப் போகும்போது ம க-வில் விழுகிறது, நி ச-வில் ஏறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் 'முடிந்தது' என்று அவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது. பாட்டை வீட்டுக்குக் கூட்டிவரும் இந்த இருவரில் ஒருவரை லிடியன் எடுத்துவிடுகிறது, மற்றவரை மிக்ஸோலிடியன் எடுத்துவிடுகிறது.

லிடியனை எடுத்துக்கொள்வோம். ம அரைச் சுரம் ஏறியதும் க-வை விட்டு ஒரு முழுச் சுரம் விலகிவிடுகிறது. கீழ்நோக்கிய சாய்வு போய்விட்டது. இப்போது அது ப-வுக்கு அடியில் ஒட்டி நின்று மேலே பார்க்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. இடது கையில் ச, க, ப மூன்றையும் சேர்த்துப் பிடித்து, மேல் ஸ்தாயியில் பழைய ம-வை அழுத்திப் பிடியுங்கள். அடியிலுள்ள க-வோடு அது கரகரவென்று உரசும். மேஜர் கார்டின் மேல் இந்தச் சுரத்தில் நிற்காதே, கடந்து போ என்றுதான் ஜாஸ் கற்றுத்தருபவர்கள் சொல்வார்கள். அரைச் சுரம் ஏற்றிவிட்டால் அந்த உரசல் காணாமல் போகிறது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜார்ஜ் ரஸ்ஸல் 1953-இல் வெளியிட்ட தன் கோட்பாட்டில், மேஜர் கார்டுக்கு இயல்பாகப் பொருந்தும் ஸ்கேல் லிடியன்தான் என்று வாதிட்டார்.

உரசல் இல்லாத கார்டு எங்கும் போக வேண்டியதில்லை, அப்படியே மிதந்துகொண்டு நிற்கலாம். கேமரா மெல்ல மேலே எழுந்து ஒரு பெரிய நிலப்பரப்பைக் காட்டும்போது இசையமைப்பாளருக்கு வேண்டியது அதுதானே. போய்ச் சேர வேண்டிய இடமாக இல்லாமல் திறந்துகொண்டே போகும் வெளியாக இசை கேட்க வேண்டும். அதற்கு அவர்கள் வழக்கமாகக் கையாளும் வழி எளிது. மேஜர் ஸ்கேலில் ரி-யின் மேல் கட்டும் கார்டு மைனர், கொஞ்சம் சோகம் கலந்தது. லிடியனில் அதுவே ரி, ஏறிய ம, த என்று 'டி மேஜர்' ஆகிவிடும். அடியில் ச-வை விடாமல் பிடித்துக்கொண்டு மேலே 'சி மேஜர்', 'டி மேஜர்' இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். வானம் பார்க்கும் காட்சி கிடைத்துவிடும். இதில் படம் பார்த்துப் பழகிய பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது.

மிக்ஸோலிடியனில் வேலை வேறு மாதிரி. நி இறங்கியதும் ச-வுக்கும் அதற்கும் முழுச் சுர இடைவெளி விழுந்துவிடுகிறது. ப-வின் மேல் கட்டும் கார்டு மைனராகிவிடுவதால் பாட்டை ச-வுக்குத் தள்ளும் பலம் அதற்கு இல்லை. அதற்குப் பதிலாக, இறங்கிய நி-யின் மேலேயே ஒரு மேஜர் கார்டு கிடைக்கிறது: நி, ரி, ம. இந்தக் கார்டு ச, க, ப-வுக்குப் போகும்போது நி ச ஆகிறது, ரி க ஆகிறது, ம ப ஆகிறது. மூன்றும் ஒரே அளவு, ஒரே திசையில் நகர்கின்றன. கிதாரில் கைவிரல்களின் வடிவத்தை மாற்றாமல் இரண்டு ஃப்ரெட் தள்ளினால் போதும். குரல்கள் இப்படி இணையாக ஊர்வதைப் பழைய மேற்கத்தியச் செவ்வியல் பாடம் தவறென்று திருத்தும். அந்த முரட்டுத்தனத்தைத்தான் ராக் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது. கெஞ்சாமல், சுற்றி வளைக்காமல், நேராக வந்து ச-வில் காலை ஊன்றும்.

பீட்டில்ஸின் 1968 பாடல் 'ஹே ஜூட்' கடைசியில் 'நா நா நா' என்று எல்லோரும் சேர்ந்து பாடும் பகுதியைக் கேளுங்கள். எஃப், ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட், மறுபடி எஃப். எஃப்-ஐ ச என்று வைத்தால் ச, இறங்கிய நி, ம, ச என்ற கார்டு வரிசை. அதுவே பாட்டின் பாதிக்கு மேல் சுழன்றுகொண்டே இருக்கிறது. முற்றுப்புள்ளி வைக்கும் நி இல்லாததால் சுழற்சிக்கு முடிவும் இல்லை. கடைசியில் ஒலியை மெல்லக் குறைத்துத்தான் பாட்டை நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, இதில் எங்கே தடுமாறும்? சி லிடியனின் ஏழு சுரங்களும் ஜி மேஜரின் ஏழு சுரங்களும் ஒன்றே. சி மிக்ஸோலிடியனும் எஃப் மேஜரும் அப்படித்தான். அதனால் லிடியனில் ஒரு மெட்டுப் போடுபவர் 'டி மேஜர்' கார்டை வாசித்துவிட்டு, அழுத்தமான தாளத்தில் ஜி-யில் வந்து நின்றால் கேட்பவர் காது ஜி-யைச் ச-வாக ஏற்றுக்கொள்ளும். வியப்பெல்லாம் போய்ச் சாதாரண மேஜர் பாட்டாகிவிடும். சோதிக்க ஒரு வழி உண்டு: நடுவில் பாட்டை நிறுத்தி, எந்தச் சுரத்தில் முடிக்கத் தோன்றுகிறது என்று ஒருவரை முணுமுணுக்கச் சொல்லுங்கள். லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் 1974 பாடல் 'ஸ்வீட் ஹோம் அலபாமா' இந்தச் சோதனைக்கே அடங்காதது. டி, சி, ஜி என்று மூன்று கார்டுதான். சுற்று டி-யில் தொடங்குவதால் டி மிக்ஸோலிடியன் என்பார்கள் சிலர். ஜி-யில்தான் அதிக நேரம் நிற்கிறது, ஆகவே ஜி மேஜர் என்பார்கள் மற்றவர்கள். கிதார் மெட்டு டி-யைச் சுற்றியே வருவதாக எனக்குக் கேட்கிறது, ஆனால் எதிர்த்தரப்பும் கேட்கத்தக்கதே.

கர்நாடக இசையில் இந்தச் சண்டை எழவே முடியாது. தம்புரா ச-வையும் ப-வையும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, காது எங்கே நழுவும்? லிடியனின் சுரங்களைக் கொண்டது கல்யாணி, மிக்ஸோலிடியனின் சுரங்களைக் கொண்டது ஹரிகாம்போதி. பழந்தமிழிசையின் அடிப்படைப் பாலையான செம்பாலை ஹரிகாம்போதியே என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் அந்த மரபுக்குத் தொடக்கப்புள்ளியே இறங்கிய நி-யுள்ள ஸ்கேல்தான். ஆனால் கல்யாணி ஆலாபனை கேட்பவருக்கு விண்வெளிப் படம் நினைவுக்கு வருவதில்லை, ஹரிகாம்போதியில் தெனாவெட்டும் இல்லை. அங்கே கார்டு நகர்வதில்லை, சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் நகர்கிறது. சினிமா வியப்பும் ராக் மிடுக்கும் சுரத்தில் மட்டும் இல்லை, அந்தச் சுரம் அடியிலுள்ள கார்டை என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது.

இரண்டு மாற்றத்தையும் ஒரே ஸ்கேலில் செய்தால் வாசஸ்பதியின் சுரங்கள் வரும்: ஏறிய ம, இறங்கிய நி. 'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் தொடருக்கு டேனி எல்ஃப்மன் போட்ட முகப்பு இசை அந்த ஸ்கேலில் அமைந்தது. அதன் முக்கிய மெட்டின் முதல் ஐந்து சுரம் ச, க, ஏறிய ம, த, ப. மூன்றாவது சுரத்திலேயே அந்த மெட்டு லிடியனைத் தொட்டுவிடுகிறது. அந்த ம-வை மட்டும் வெள்ளைக் கட்டைக்கு மாற்றி வாசித்துப் பாருங்கள், குறும்பெல்லாம் போய்ப் பள்ளிக்கூடப் பாட்டாகிவிடும்.