பிரெஞ்சில் ‘நானும்’ எப்படி வேலை செய்கிறது?

பிரெஞ்சு படிக்கும் வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்பதற்கு ‘ழே தக்கோர்’ என்று எழுதினால் ஏன் தப்பு? ‘எனக்கும்’ என்று சொல்ல ஓரிடத்தில் ‘முவா ஓஸி’யும் இன்னோர் இடத்தில் ‘முவா நோன் ப்ளூ’வும் வருவது ஏன்?

முதல் கேள்விக்குப் பதில் சின்னதுதான். சரியான வடிவம் ‘ழ ஸுயி தக்கோர்’. ‘அக்கோர்’ என்றால் உடன்பாடு. முன்னால் ‘த’ ஒட்டியதும் அது ‘உடன்பாட்டில்’ என்ற நிலையைக் குறிக்கும் தொடராகிவிடுகிறது. நிலையைச் சொல்ல ‘இரு’ என்ற வினை வேண்டும், அதுதான் ‘ஸுயி’. ‘ழே’ என்பதோ ‘என்னிடம் உண்டு’ என்ற வினை. அதற்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வர வேண்டும்.

அப்படியானால் இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? பசிக்கிறது என்பதற்கு ‘ழே ஃபேன்’, பயமாக இருக்கிறது என்பதற்கு ‘ழே பெர்’, நான் சொல்வதுதான் சரி என்பதற்கு ‘ழே ரேஸோன்’ என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘இரு’ வரும் இடத்தில் இங்கே ‘உண்டு’ வருகிறது. மாணவர் இதைக் கவனித்து ஒரு விதி கட்டிக்கொள்கிறார். விதி நல்ல விதிதான், அதை ஓர் இடம் கூடுதலாக நீட்டிவிட்டார், அவ்வளவே. ‘த’வை எடுத்துவிட்டுப் பாருங்கள்: ‘ழே லக்கோர் து திரெக்தர்’ என்பது பிழையில்லாத பிரெஞ்சு. ஆனால் பொருள் வேறு: இயக்குநரின் ஒப்புதல் என்னிடம் இருக்கிறது.

கற்பவரின் பிழைகள் அவர் மனத்தில் உருவாகும் இலக்கணத்தைக் காட்டும் தடயங்கள் என்று மொழியியலாளர் பிட் கோர்டர் 1967-லேயே வாதிட்டார். தமிழ் பேசுபவர்கள் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் செய்யும் பிழைகளைத் திரட்டி வைக்கும் வேலைக்கு நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனால் அந்தத் தடயங்கள் அழிந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழில் ‘எனக்கும் பிடிக்கும்’, ‘எனக்கும் பிடிக்காது’ இரண்டுக்கும் ஒரே ‘உம்’ போதும். எதிர்மறையை வினை சுமந்துகொள்கிறது. பிரெஞ்சில் வினையைத் திரும்பச் சொல்லாமல் ‘முவா’ என்று மட்டும் தொடங்குகிறோம். அப்போது முந்தைய வாக்கியம் உடன்பாடா எதிர்மறையா என்பதைத் துணைச்சொல்தான் சுமக்க வேண்டும். ‘ழேம் ல கஃபே’, காப்பி பிடிக்கும் என்றால் ‘முவா ஓஸி’. ‘ழ நேம் பா ல கஃபே’, பிடிக்காது என்றால் ‘முவா நோன் ப்ளூ’.

சரி, ஒருவர் ‘ழ தெதெஸ்த் ல கஃபே’, காப்பியை வெறுக்கிறேன் என்கிறார். உங்களுக்கும் வெறுப்புதான். பொருளைப் பார்த்தால் எதிர்மறை என்று தோன்றும். ஆனால் பதில் ‘முவா ஓஸி’. இங்கே கணக்கில் வருவது வாக்கியத்தின் உணர்ச்சி இல்லை, வினை மறுக்கப்பட்டிருக்கிறதா என்பது மட்டும்தான். ‘வெறுக்கிறேன்’ மறுக்கப்படாத வினை.

இன்னும் நுணுக்கமாகப் போகலாம். ‘ழ புவா மோன் கஃபே ஸான் ஸூக்ர்’, சர்க்கரை இல்லாமல் காப்பி குடிக்கிறேன். ‘ஸான்’ என்றால் ‘இல்லாமல்’. ஆனாலும் அது சர்க்கரையோடு நின்றுவிடுகிறது, குடிப்பதை மறுக்கவில்லை. எனவே ‘முவா ஓஸி’. ‘ழமே’ (ஒருபோதும்), ‘ரியேன்’ (எதுவும்) போன்றவை வினைக்கு முன்னால் வரும் ‘ந’ என்ற மறுப்புச் சொல்லோடு சேர்ந்து வினையையே மறுப்பதால் ‘நோன் ப்ளூ’ கேட்கும்.

எல்லைக்கோட்டில் நிற்பது ‘ழ ந புவா க தியூ தே’. ‘ந’ இருக்கிறது, ஆனால் பொருள் ‘தேநீர் மட்டும் குடிக்கிறேன்’. ‘ந’வும் ‘க’வும் சேர்ந்தால் மறுப்பில்லை, வரம்பு. எனவே ‘ஓஸி’ வரும். ‘நோன் ப்ளூ’ எழுதுபவர்களும் உண்டு. ஒரே வாக்கியத்தில் வடிவமும் பொருளும் எதிரெதிராக இழுக்கும்போது தாய்மொழிக்காரர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்!

மாறுபடவும் இதே கணக்குதான். காப்பி பிடிக்கும் என்றவரிடம் ‘பா முவா’ என்றால் எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்றவரிடம் ‘முவா ஸி’ என்றால் எனக்குப் பிடிக்கும். அப்புறம் காதுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பேச்சில் ‘ந’ பெரும்பாலும் விழுந்துவிடும்: ‘ழேம் பா ல கஃபே’. மறுப்பைத் தாங்குவது அந்த ஒற்றை ‘பா’தான். அதைத் தவறவிட்டு ‘முவா ஓஸி’ என்று பதில் சொன்னால், அவருக்குக் காப்பி பிடிக்கும் என்று நீங்கள் கேட்டுவிட்டது எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.