வீடு இருவர் பெயரில். யார் பங்கு எவ்வளவு?

திருமணம் செய்துகொள்ளாத இணையர் சேர்ந்து ஒரு வீடு வாங்கிப் பிறகு பிரிந்தால், பெரும்பாலான நாடுகளில் குடும்பச் சட்டம் அவர்களுக்கு உதவிக்கு வராது. இரண்டு கூட்டாளிகள் ஒரு கடையை வாங்கியிருந்தால் எப்படிப் பார்க்குமோ, அப்படித்தான் சொத்துச் சட்டம் இவர்களையும் பார்க்கும். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் எவ்வளவு கொடுத்தார், பங்கைப் பற்றி என்ன எழுதி வைத்தார்கள் என்பதுதான் அதன் கேள்விகள். சில நாடுகள் விதிவிலக்கு. நியூசிலாந்தில் மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்த இணையருக்குப் பொதுவாகத் தம்பதியருக்கான பங்கீட்டு விதிகளே பொருந்தும். ஆனால் அந்தப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

ஒன்றும் எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 45ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அவரவர் போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு என்கிறது. யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால் சம பங்கு. இங்கிலாந்தில் வரிசை தலைகீழ். வீடு இருவர் பெயரிலும் இருந்தால் பாதிப் பாதி என்பதுதான் தொடக்க அனுமானம். மாற்றிச் சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 2007இல் அங்கே உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போன ஒரு வழக்கில் பெண்ணுக்கு 65, ஆணுக்கு 35 விழுக்காடு என்று முடிந்தது. அந்த இணையர் பணக் கணக்கைக் கண்டிப்பாகத் தனித்தனியே வைத்திருந்தது அதற்கு முக்கியக் காரணம். 2011இல் இன்னொரு வழக்கு 90:10 என்று தீர்ந்தது. ஆண் வீட்டைவிட்டுப் போன பிறகு பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்ணே தவணையும் செலவும் பார்த்திருந்தார். ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதில்லை.

எழுதலாம் என்று முடிவு செய்பவர்கள்கூட ஓர் இடத்தில் தவறுகிறார்கள். "60:40" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். எதில் 60 என்று சொல்வதில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது ஏன் போதாது என்று தெரியும்.

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். மலர் 25 முன்பணம் போடுகிறார், குமரன் 5. மீதி 70 வங்கிக் கடன். தவணையை இருவரும் சரிபாதியாகக் கட்டுகிறார்கள். கடனில் ஆளுக்கு 35 சேர்த்தால் மலரின் பங்கு 60, குமரனுடையது 40. ஒன்பதரை ஆண்டு கழித்து வீடு 130க்கு விற்கிறது. அப்போது கடனில் 50 பாக்கி. வங்கிக்குக் கொடுத்ததுபோக 80 கையில் நிற்கிறது.

எழுத்து ஏதும் இல்லாமல் பாதியாகப் பிரித்தால் மலருக்கு 40. கையில் நிற்கும் 80இல் 60 விழுக்காடு என்றால் 48. விற்ற விலை 130இல் 60 விழுக்காடான 78ஐ எடுத்து, அதிலிருந்து அவருடைய பாதிக் கடன் 25ஐக் கழித்தால் 53. அவரவர் முன்பணத்தை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதி 50ஐச் சமமாகப் பிரித்தால் அவருக்கு 50. ஒரே வீடு, ஒரே இருவர், விடை நான்கு. இவற்றுள் 53 என்ற வழிதான் 60:40 எப்படி வந்ததோ அதோடு பொருந்துகிறது. ஏனென்றால் அந்த விகிதத்திலேயே ஆளுக்குப் பாதிக் கடன் என்பது அடங்கியிருக்கிறது. கடனைக் கழித்த பிறகு மிஞ்சுவதில் 60:40 போட்டால், கடனில் 60 விழுக்காட்டை மலர் தலையில் கட்டியதாகிவிடும். எதைத் தேர்ந்தாலும் சரி. விகிதத்தோடு, எந்தத் தொகையின் மீது, கடனைக் கழிப்பதற்கு முன்பா பின்பா என்பதையும், மேலே போட்டதுபோல் ஒரு மாதிரிக் கணக்கையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

விலை இறங்கினால் என்ன என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். கடன் போக 20 மட்டுமே மிஞ்சினால், முன்பணமாகப் போட்ட 30ஐ முழுதாகத் திருப்பித் தர முடியாது. குறையும் 10ஐச் சமமாக ஏற்றால் மலருக்கு 20, குமரனுக்கு ஒன்றுமில்லை. முன்பண விகிதத்தில் ஏற்றால் குமரனுக்கு 3.3 வரும்.

அடுத்த சிக்கல் தவணை ஏறுமாறாகப் போவது. 70 கடன், 20 ஆண்டு, 8 விழுக்காடு வட்டி என்றால் முதல் ஆண்டில் கட்டுவது ஏறக்குறைய 7. அதில் அசலுக்குப் போவது 1.5தான், மற்றதெல்லாம் வட்டி. மலருக்கு வேலை போய் அந்த ஆண்டு முழுவதும் குமரன் ஒருவரே கட்டினால், அவர் மலருக்காகப் போட்டது 3.5 என்று கொள்வதா, அசலில் பாதியான 0.75 என்று கொள்வதா? முதலாவதே நியாயம் என்பது என் எண்ணம், ஏனென்றால் வட்டியும் வீட்டைக் காப்பாற்றிய பணம்தான். அதை மலர் குமரனுக்குத் தர வேண்டிய தனிக் கடனாக எழுதிக்கொண்டால் பங்கு விகிதத்தைத் தொட வேண்டியதில்லை. இதற்கெல்லாம் ஆதாரம் வங்கிக் கணக்கு. ரொக்கமாகக் கொடுத்த பணம் பிறகு வாயால் சொல்லும் பணமாகிவிடும். பெற்றோர் முன்பணம் தந்தால் இன்னும் கவனம் வேண்டும். இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டாம் என்று வங்கி கடிதம் கேட்கலாம். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னாளில் அது கைமாற்று என்று வாதாடுவது கடினம்.

பங்கு எதுவானாலும் வங்கிக்கு அது பொருட்டல்ல. கூட்டுக் கடனில் முழுத் தொகைக்கும் இருவருமே தனித்தனியாகப் பொறுப்பு. ஒருவர் வீட்டைவிட்டுப் போனாலும், பத்திரத்தில் தன் பங்கை மாற்றிக் கொடுத்தாலும், வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை கடன் அவர் பெயரிலும் இருக்கும். ஆகவே பிரிவு வந்தால் என்ன செய்வது என்ற பத்தியில், ஒருவர் மற்றவர் பங்கை வாங்க முதல் உரிமை, இரண்டு மதிப்பீட்டாளர்கள் சொல்லும் விலையின் சராசரி, வங்கிக் கடனைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள 90 நாள் போன்ற ஒரு கெடு, அது தவறினால் வீட்டை விற்பது என்று வரிசையாக இருக்க வேண்டும். அதுவரை வீட்டில் இருப்பவர் தவணையை முழுதும் கட்டுவாரா, வெளியே போனவருக்கு வாடகை உண்டா என்பதையும் விடக் கூடாது. இந்தப் பத்தி இல்லாத இடத்தில்தான் ஒருவர் விற்க மறுத்து, மற்றவர் நீதிமன்றம் போய் விற்பனை உத்தரவு வாங்க வேண்டிய நிலை வருகிறது.

கடைசியாக, மரணம். இங்கிலாந்துச் சட்ட மரபில் இருவர் சேர்ந்து சொத்து வைத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தனித்தனிப் பங்கு என்பதே கிடையாது; ஒருவர் இறந்தால் எஞ்சியவருக்கே முழு வீடும் போகும். மற்றதில் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு. இறந்தவர் பங்கு அவருடைய உயிலின்படியோ வாரிசுகளுக்கோ போகும். 60:40 வேண்டும் என்பவர்கள் இரண்டாவது வகையைத்தான் எடுத்தாக வேண்டும். எடுத்தால் உயிலும் எழுதியாக வேண்டும். பெரும்பாலான வாரிசுச் சட்டங்களில் திருமணமாகாத துணை வாரிசே அல்ல. உயில் இல்லாமல் மலர் இறந்தால், குமரன் மலரின் பெற்றோரோடு கூட்டுச் சொந்தக்காரர் ஆவார். பாக்கிக் கடனோ குமரன் மீது முழுதாக நிற்கும். அந்தக் கடன் அளவுக்கு ஒவ்வொருவரும் ஓர் ஆயுள் காப்பீடு எடுத்து, அதில் மற்றவரை நியமனதாரராகப் போட முடியுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சில இடங்களில் இரத்த உறவு அல்லாதவரை ஏற்கத் தயங்குவார்கள். அப்போது உயிலில்தான் அதைச் சொல்லியாக வேண்டும்.