விளக்குமாறு வேண்டாம்: ஆய்வகத் தரையில் சிந்திய பாதரசம்

“பாதரசம் சிந்தினால் கந்தகத் தூளைத் தூவி அள்ளிவிடலாம்தானே?” என்று மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை கேட்டிருக்கிறார். கடப்பா கல் மேஜையிலிருந்து உருண்ட தெர்மாமீட்டர் சிமெண்ட் தரையில் விழுந்து உடைந்திருக்கிறது. உதவியாளர் விளக்குமாறு எடுக்கப் போயிருக்கிறார். கந்தகத்தின் முறை கடைசியில்தான் வரும். முதலில் தடுக்க வேண்டியது அந்த விளக்குமாற்றை.

ஆய்வகத் தெர்மாமீட்டர் ஒன்றில் சுமார் 3 கிராம் பாதரசம் இருக்கலாம். அது முழுவதும் ஒரே உருண்டையாகக் கிடந்தால் அதன் விட்டம் ஏழரை மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு கொண்டைக்கடலை அளவு. காற்றைத் தொடும் பரப்பு 2 சதுர செ.மீ.கூட இல்லை. அதையே விளக்குமாறு சிதறடித்து, 0.1 மி.மீ. துளிகளாக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட துளிகள். பாதரசம் அதே 3 கிராம்தான். ஆனால் பரப்பு 75 மடங்காகி ஓர் அஞ்சலட்டை அளவுக்கு விரிந்துவிடும். ஆவியாவது பரப்பில்தான் என்பதால் ஆவியும் அதற்கேற்ப வேகமாக வரும். நம்மூர் வெயில் வேறு: 20 டிகிரியில் இருப்பதைவிட 35 டிகிரியில் பாதரசத்தின் ஆவியழுத்தம் மூன்று மடங்குக்கு மேல். அந்த நச்சு ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

நமக்குத் துணை நிற்பது பாதரசத்தின் பரப்பு இழுவிசை. அது தண்ணீருடையதைப் போல ஆறு மடங்குக்கு மேல். அதனால்தான் பாதரசம் தரையை நனைக்காமல் உருண்டையாகத் திரள்கிறது. இரண்டு துளிகளை மெல்ல நெருக்கினால், தொட்ட கணத்தில் ஒன்றாகிவிடும்; மொத்தப் பரப்பு குறைவது அதற்கு இயல்பு. இந்த அழகான குணத்தைத்தான் சுத்தம் செய்ய நம்பியிருக்கிறோம். துளிகள் தொட்டும் சேரவில்லை என்றால், மேலே தூசிப்படலம் ஒட்டியிருக்கிறது என்று பொருள். பெருக்கிய தரையில் இதுதான் நடக்கும்.

ஆகவே முதலில் மாணவர்களை வெளியே அனுப்புங்கள். சிந்திய இடத்தை மிதித்தவர்கள் மட்டும் செருப்பைக் கழற்றி அங்கேயே விடட்டும். மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, பக்கத்து வகுப்புக்குப் போகும் கதவைச் சாத்துங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுக் கையுறை போடுங்கள்: பாதரசம் தங்கத்தில் ஏறினால் நகை வெளுத்துவிடும். கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுத்து, அகன்ற வாயுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். பிறகு இரண்டு கெட்டி அட்டைகளால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மெதுவாக, துளிகளைச் சேருங்கள். சேர்ந்ததை ஊசியில்லாத சிரிஞ்சாலோ சொட்டுக்குழாயாலோ உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள திருகுமூடி பிளாஸ்டிக் புட்டியில் விடுங்கள். பாதரசம் அடியில் தங்கும், மேலே நிற்கும் தண்ணீர் ஆவியை மட்டுப்படுத்தும். பொடித் துளிகளை அகலமான ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கலாம்.

முடிந்தது என்று தோன்றும்போது விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். மேலிருந்து பார்த்தபோது தெரியாத துளிகள் மின்னும். மேஜைக் காலடியையும் தள்ளியிருக்கும் மூலைகளையும் பாருங்கள். துளி சில மீட்டர் ஓடக்கூடியது.

இப்போது கந்தகம். 3 கிராம் பாதரசத்துக்குக் கணக்குப்படி அரை கிராம் கந்தகம் போதும். ஆனால் சாதாரண வெப்பத்தில் இந்த வினை மெதுவானது. துளியின் மேற்புறம் கருத்த சல்பைடு தோலாகிவிடும், உள்ளே பாதரசம் பாதரசமாகவே இருக்கும். சித்த மருத்துவர்கள் இரண்டையும் கல்வத்திலிட்டு மணிக்கணக்கில் அரைப்பது இதனால்தான். எனவே பெரிய துளிகள் மீது தூவிப் பயனில்லை. அவற்றை மறைத்து, தேடுவதைக் கடினமாக்கும். சிமெண்ட் விரிசலுக்குள் போனவற்றுக்குத்தான் அது. விரிசலில் தூளை அழுத்தி நிரப்பி, ஒரு நாள் விட்டு, ஈரத்தாளால் வழித்தெடுங்கள். சன்னல்களையும் அந்த ஒரு நாள் திறந்தே வையுங்கள்.

ஒரு சொல் ரசமணி பற்றி. பாதரசம் தூய்மையாக இருந்தால் −39 டிகிரிக்குக் கீழேதான் உறையும். கழுத்தில் தொங்கும் கெட்டி மணி, வேறு உலோகம் கலந்த ரசக்கலவை. அதிலிருந்தும் ஆவி வரலாம். பிள்ளைகளுக்கு அதைக் கட்டிவிடுவது தவறு. வகுப்பில் ஆசிரியர்கள் இதைச் சொல்ல வேண்டும்.

கழிவைச் சிங்கில் ஊற்றினால் அது அடிவளைவில் தங்கி, மாதக்கணக்கில் ஆவி விடும். குப்பைத் தொட்டியில் போட்டால் எரியும்போது காற்றுக்குப் போகும். உடைந்த கண்ணாடியைப் பழைய இரும்புக் கடைக்கும் கொடுக்கக் கூடாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் இருந்த ஒரு பழைய சாமான் கிடங்கில் கண்டுபிடிக்கப்பட்டதுதான் 2001-இல் அந்த ஆலை மூடப்படக் காரணமானது.

புட்டி, கண்ணாடித் துண்டுகள் உள்ள டப்பா, கையுறையும் நாடாவும் தாளும் போட்ட இறுகக் கட்டிய பை ஆகிய மூன்றின்மீதும் “பாதரசக் கழிவு”, தேதி, தோராய எடை எழுதி ஒட்டுங்கள். இருப்புப் பதிவேட்டில் குறித்து, வெயில் படாத பூட்டிய அலமாரியில் வையுங்கள். மதுரையிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தலைமையாசிரியர் கடிதம் எழுதி, உரிமம் பெற்ற அபாயக் கழிவு நிலையத்திடம் எப்படி ஒப்படைப்பது என்று கேட்க வேண்டும். ஒப்படைத்ததற்கான ரசீது வரும்வரை அலமாரிச் சாவி ஒருவர் பொறுப்பிலேயே இருக்கட்டும்.