ஒண்டுக்குடித்தனத் தம்பதிகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திட்டம்

"எங்களுக்குள்ள பேச்சே இல்லீங்க" என்று ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் வீட்டைப் பற்றித்தான் கேட்போம். ஒரு படுக்கையறை, ஒரு ஹால். அறையில் மாமனார், மாமியார். ஹாலில் கணவன், மனைவி, குழந்தை. இடையில் கதவுக்குப் பதில் ஒரு திரை. அங்கே எதைப் பேசினாலும் நாலு காது கேட்கும். அதனால் "பால் வாங்கியாச்சா", "ஃபீஸ் கட்டியாச்சா" என்பதைத் தாண்டிப் பேச்சு போவதில்லை. இதைப் பலர் அன்பு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதிப் பேருக்கு அன்பு குறையவில்லை, பேச இடம்தான் இல்லை.

சரி, வெளியே போகலாம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மால், சினிமா. டிக்கெட், பாப்கார்ன், ஆட்டோ என்று ஆயிரம் ரூபாய் கரைந்துவிடும். போதாததற்கு சினிமாவில் மூன்று மணி நேரம் பேசவும் முடியாது. பேச்சுக்காகப் போகிறவர்கள் பேச முடியாத இடத்துக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

திருவல்லிக்கேணியில் இப்படியொரு வீட்டில் இருக்கும் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கூப்பிடு தூரத்தில் மெரினா. ஆனால் அது அவர்களுக்குச் சரிப்படாது. காலையில் போனால் தெருவே அங்கு நடைப்பயிற்சியில் இருக்கும், மாலையில் போனால் கூட்டமும் இரைச்சலும். எதிரே வரும் மாமாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர முடியாது. நெரிசலான ஊரில் தனிமை ஆளில்லாத இடத்தில் கிடைப்பதில்லை, தெரிந்த முகம் இல்லாத இடத்தில்தான் கிடைக்கும். ஆகவே சில ஸ்டேஷன் தள்ளிப் போக வேண்டும்.

அதற்குப் பறக்கும் ரயில் போதும். ஞாயிறு காலை ஆறு மணிவாக்கில் திருவல்லிக்கேணியில் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் திருவான்மியூர். அந்த நேரத்தில் பெட்டியில் பாதி காலியாக இருக்கும். ஜன்னலோர இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருங்கள். சங்கடமான விஷயத்தை முகத்துக்கு நேராகச் சொல்வதைவிட, இருவரும் வெளியே பார்த்தபடி சொல்வது எளிது. கிரீன்வேஸ் ரோட்டைத் தாண்டி வண்டி அடையாற்றின் மேல் போகும்போது சொல்ல வந்ததை ஆரம்பித்துவிடலாம். இறங்கியபின் கடற்கரைக்கு அரை மணி நேர நடை. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு, ஆனால் பேசுவதற்கு அந்த நடைதான் நல்லது.

செலவைப் பார்ப்போம். ரயிலுக்குப் போக வர இருவருக்கும் இருபது ரூபாய் அளவில் ஆகும். இரண்டு டீ முப்பது ரூபாய். வழியில் அம்மா உணவகம் இருந்தால் பொங்கல் ஒரு தட்டு 5 ரூபாய், இட்லி ஒன்று 1 ரூபாய். அங்கே பார்சல் கிடையாது, அங்கேயே சாப்பிட வேண்டும். எல்லாம் சேர்த்து நூறைத் தாண்டாது. பஸ்ஸில் போவதானால் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மனைவிக்கு டிக்கெட்டே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க நேரும் என்பதால் முதல் நாளே நேரம் பார்த்து வையுங்கள். கோடையில் ஏழரைக்கு மேல் மணலில் உட்கார முடியாது, அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். கழிப்பறையை யாரும் யோசிப்பதில்லை. ஸ்டேஷன் கழிப்பறைகளை நம்ப முடியாது. வீட்டிலேயே போய்விட்டு, டீயைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்வது பெண்களுக்கு நிம்மதி.

இத்தனையும் சரியாக இருந்தும் இந்தத் திட்டம் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் படுத்துவிடும். காரணம் சமையலறை. எட்டரை மணிக்குத் திரும்பும்போது போட்ட பாத்திரம் போட்டபடி கிடக்கும், மாமியார் முகம் இறுகியிருக்கும், மனைவி செருப்பைக் கழற்றியதும் அடுப்படிக்கு ஓட வேண்டும். அடுத்த வாரம் "எனக்குத் தலைவலி, நீங்க போயிட்டு வாங்க" என்பாள். அது தலைவலி இல்லை.

இதைச் சனிக்கிழமை இரவே சரிசெய்ய வேண்டும், அதில் பாதி வேலை கணவனுடையது. டிகாக்‌ஷன் இறக்கி வைப்பது, மாவு இருக்கிறதா என்று பார்ப்பது, சட்னிக்குத் தேங்காய் துருவி ஃப்ரிட்ஜில் வைப்பது, குழந்தையின் பால் டம்ளரைக் கண்ணில் படும் இடத்தில் எடுத்து வைப்பது. வீட்டில் சொல்வதும் அவன்தான் சொல்ல வேண்டும்: "அம்மா, ஞாயித்துக்கெழம காலைல நாங்க ரெண்டு பேரும் நடந்துட்டு வரோம். எட்டரைக்கு வந்துருவோம். வந்து நான் இட்லி ஊத்துறேன்." மருமகள் "அத்தை, போயிட்டு வரட்டுமா" என்று கேட்டால் அது அனுமதி கேட்பதாகிவிடும். அனுமதி என்றால் மறுப்பும் வரும். கோயில், டாக்டர் என்று பொய் சொல்லிப் போகாதீர்கள். பொய் பிடிபட்டால் அடுத்த மாதம் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது. சொன்ன எட்டரையைத் தாண்டவும் கூடாது. நாலு வாரம் சொன்ன நேரத்துக்குத் திரும்பினால் ஐந்தாவது வாரம் யாரும் கேட்க மாட்டார்கள், குழந்தையும் பழகிவிடும்.

போன இடத்தில் என்ன பேசுவது? முதல் அரை மணி நேரம் கடன், மாமியார், பள்ளிக்கூடம் மூன்றும் வேண்டாம். பிறகு குறை சொல்வதானால் ஆளுக்கு ஒன்று போதும். இரண்டாவதை எடுத்தால் அது சண்டைதான், அந்தச் சண்டையோடுதான் ரயில் ஏறி வர வேண்டியிருக்கும். ஒரு போனை அணைத்துவிடுங்கள், இன்னொன்று வீட்டு அழைப்புக்காக இருக்கட்டும். வழியில் காய்கறி வாங்காதீர்கள். பை கையில் ஏறிய நிமிடமே அது வீட்டு வேலையாகிவிடும்.

கையைப் பிடித்து நடப்பது குற்றமில்லை. கல்யாணச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும் ஆபாசச் செயலுக்குத்தான் பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவு, மூன்று மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். "போலீஸ்" என்று சொல்லி வீடியோ எடுத்துப் பணம் கேட்கிற ஆட்களும் உண்டு. இருட்டு மூலை, சவுக்குத் தோப்பு, படகு மறைவு ஆகியவற்றைத் தவிருங்கள். யாராவது மிரட்டினால் அடையாள அட்டை கேளுங்கள், ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு நகர்ந்து 112-ஐ அழையுங்கள். பணத்தை மட்டும் எடுக்காதீர்கள்.

மழைக்காலத்தில் அதே ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நடக்கலாம். ஏசி உண்டு, நுழையக் கட்டணம் இல்லை. அது திறக்கும் நேரம் பார்த்து அன்று மட்டும் தாமதமாகக் கிளம்புங்கள், திரும்பும் நேரத்தையும் அதற்கேற்ப வீட்டில் சொல்லிவிடுங்கள். உள்ளே பேச முடியாது என்பது குறைதான். ஆளுக்கொரு புத்தகத்தோடு ஒரு மணி நேரம் அருகருகே உட்கார்ந்துவிட்டு, பேச்சை வெளியே வந்து வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் பேசாத கணவர்களுக்கு இந்த ஏற்பாடு கடற்கரையைவிட நன்றாகவே ஒத்துவருகிறது.

இந்த ஞாயிறு நடை பேச்சுக்கு மட்டும்தான். உடல் நெருக்கத்துக்கு வேண்டிய தனிமை வெளியே கிடைக்காது, அதற்கு வீட்டில்தான் வழி காண வேண்டும். வாரத்தில் ஒரு நாள் குழந்தை பாட்டியோடு படுக்கட்டும், அன்று மட்டும் அறையும் ஹாலும் கைமாறட்டும். கேட்கக் கூச்சமாக இருக்கும். "குழந்தை உங்ககிட்ட கதை கேட்டுட்டுத் தூங்கட்டும்மா" என்று மகன் சொன்னாலே பெரும்பாலான தாய்மார்கள் புரிந்துகொள்வார்கள். திரை தொங்கும் இடத்தில் தாழ்ப்பாளோடு ஒரு மடக்குக் கதவு போட அனுமதிப்பாரா என்று வீட்டுக்காரரையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.