பலம் என்ற கட்டத்தில் 'கடின உழைப்பாளி' என்று எழுதாதீர்கள்

இந்த வாரமும் ஒரு தங்கச்சி பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்ட தாளோடு வந்தார். பலம்: கடின உழைப்பு, நேர்மை. பலவீனம்: ஆங்கிலம், பயம். கொழும்பில் தொழில் வழிகாட்டல் செய்யும் என் மேசைக்கு வரும் தாள்களில் முக்கால்வாசி இப்படித்தான். பெயரை மறைத்தால் எது யாருடையது என்றே தெரியாது.

தயவுசெய்து விளங்கிக்கொள்ளுங்கள், அது குணம் எழுதும் இடம் இல்லை. நேர்மை நல்லதுதான், ஆனால் அதை வைத்து அடுத்து எதைப் படிப்பது என்று முடிவெடுக்க முடியாது. செய்து முடித்த வேலை ஒன்றைக் காட்ட முடிந்தால் அது பலம். செய்யப்போய் நீங்கள் தடக்கி நின்ற இடம் பலவீனம். 'ஆங்கிலம்' என்று மொத்தமாக எழுதுவதும் அதே பிழைதான். மின்னஞ்சலை வாசிக்க முடியவில்லையா, பதில் எழுத முடியவில்லையா, தொலைபேசியில் பேச வாய் வரவில்லையா? மூன்றும் வெவ்வேறு குறைகள். பிரித்துப் பார்க்காமல் வெள்ளவத்தையில் ஒரு வகுப்புக்குக் காசு கட்டி இலக்கணம் படிப்பீர்கள். பிறகும் தொலைபேசி அடித்தால் பக்கத்து மேசையைத்தான் பார்ப்பீர்கள்.

தங்கச்சிக்குப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை. போன மாதம் செய்ததை எல்லாம் எழுதச் சொன்னேன். வங்கி இணக்கக்கூற்றுக்கு மட்டும் ஒரு முழு நாள் போயிருந்தது. வங்கிக்கூற்றை அச்சிட்டு, காசேட்டோடு வரிவரியாகப் பேனையால் சரி போட்டிருக்கிறார். அப்புறம் அவர் விரும்பும் பதவிக்கான பத்து விளம்பரங்களை எடுத்துப் பார்த்தோம். அநேகமாக எல்லாவற்றிலும் எக்செல் இருந்தது. தொலைபேசி ஆங்கிலமும் குறைதான், ஆனால் இப்போதைய வேலையில் அதைப் பழக இடமே இல்லை. எக்செலையோ ஒவ்வொரு மாதமுடிவிலும் பழகலாம். அதனால் அதையே எடுத்தோம்.

எக்செலிலும் ஒரு துண்டு மட்டும்: காசோலை இலக்கத்தை வைத்து இரண்டு பட்டியலைப் பொருத்துவது. அவர் ஏற்கனவே முயன்று, எல்லா வரியிலும் தேடியது கிடைக்கவில்லை என்று #N/A வந்ததால் கைவிட்டிருந்தார். வங்கித் தாளில் இலக்கம் 004512 என்று எழுத்தாக இருந்தது, காசேட்டில் 4512 என்று எண்ணாக இருந்தது. கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் அது எழுத்துத்தான். காசேட்டின் A2 கலத்தில் உள்ள எண்ணை ஆறு இலக்க எழுத்தாக மாற்றி, Bank என்ற தாளின் முதல் நிரலில் தேடி, மூன்றாம் நிரலில் உள்ள தொகையை எடுப்பது இப்படி:

```
=VLOOKUP(TEXT(A2,"000000"),Bank!A:C,3,FALSE)
```

கடைசி FALSE-ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் பிழை காட்டாமலே வேறொரு காசோலையின் தொகை வந்து உட்காரக்கூடும்.

பலவீனக் கட்டத்தை அம்மாவிடம் காட்டாதீர்கள், அவர் அழித்துவிடுவார். உங்கள் வேலையைத் தினமும் பார்க்கும் ஒருவரிடம் காட்டுங்கள். தங்கச்சிக்கு நான் வைத்த அளவுகோல் இதுதான்: மாதமுடிவு இணக்கக்கூற்று, யாருடைய உதவியும் இல்லாமல், அரை நாளுக்குள். அது நடக்கும்வரை தொலைபேசி ஆங்கிலம் காத்திருக்கட்டும்.