நீண்டகாலக் காரணம், குறுகியகாலக் காரணம், உடனடிக் காரணம்: முதல் கர்நாடகப் போரை வைத்து ஒரு சொல் விளக்கம்

வரலாற்று விடைத்தாளில் ‘காரணங்கள்’ என்று தலைப்பிட்டு ஆறேழு புள்ளிகளை வரிசையாக எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு வரவும் செய்கிறது. ஆனால் கட்டுரை விடை கேட்கிற தேர்வுகளில் அந்தப் பட்டியல் பாதி வழியிலேயே நின்றுவிடும். எந்தக் காரணம் எந்த வேலையைச் செய்தது என்று பிரித்துச் சொல்லச் சொல்கிறார்கள். அதற்கான மூன்று பெயர்கள்தாம் நீண்டகாலக் காரணம், குறுகியகாலக் காரணம், உடனடிக் காரணம்.

‘காரணம்’ வடமொழியிலிருந்து வந்து நம் பேச்சில் ஊறிப்போன சொல். ‘செய்’ என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. ‘காரியம்’ அதன் உடன்பிறப்பு. ஒரு காரியத்தைச் செய்விப்பது காரணம். தமிழிலேயே இதற்கு ‘முதல்’ என்றொரு சொல் உண்டு. ‘நோய்முதல் நாடி’ என்னும் குறளில் வருகிற ‘முதல்’ நோயின் காரணத்தைத்தான் குறிக்கிறது. ‘ஏது’வும் பழைய நூல்களில் புழங்கியதே, மணிமேகலையின் தருக்கப் பகுதியில் அதைக் காணலாம். இன்று ‘ஏதுவாக இருந்தது’ என்று நாம் எழுதுவது அதன் மிச்சம்.

மூன்றாவது பெயரில்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ‘ட்ரிக்கர்’ என்கிறார்கள். அது துப்பாக்கி விசையின் பெயர்; ‘இழு’ என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து போனது. நம் பாடநூல்கள் அதற்கு ‘உடனடிக் காரணம்’ என்று எழுதுகின்றன. இந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ‘உடனடி’ என்றதும் காலத்தில் அருகில் இருப்பதெல்லாம் அதற்குள் அடங்கும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். போருக்கு முந்தின வருடம் நடந்த நான்கு சங்கதிகளையும் உடனடிக் காரணம் என்று எழுதி வைக்கிறார்கள். ஆனால் தமிழில் ‘போர் மூண்டது’ என்கிறோமே, அதற்குள்ளேயே விடை இருக்கிறது. தீ மூளும், போரும் மூளும். மூளச் செய்வது மூட்டுதல். ஆகவே ‘மூட்டிய நிகழ்வு’ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். அது ஒரு நிகழ்வாக இருக்க வேண்டும், ஒரு நிலைமையாக இருக்கக் கூடாது. யார், எங்கே, எப்போது செய்தார்கள் என்று சொல்ல முடிய வேண்டும். தேர்வில் எழுதும்போது மட்டும் வினாத்தாள் எந்தப் பெயரைத் தருகிறதோ அதையே எழுதுங்கள். அங்கே நம் சொல்லாராய்ச்சி வேண்டாம்.

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் இங்கே ஒன்று கேட்பார்கள். முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்று ஏற்கெனவே இருக்கின்றனவே, அவற்றையே எடுத்துக்கொண்டால் என்ன? எடுக்க முடியாது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அங்கே குயவன் இல்லாமல் குடமே இல்லை. வரலாற்றில் மூட்டிய நிகழ்வுக்கு அந்த இடம் கிடையாது. அது நடக்காமல் போயிருந்தாலும் வேறொன்று மூட்டியிருக்கலாம்.

இனி நம் கரையிலேயே நடந்த கதைக்கு வருவோம். முதல் கர்நாடகப் போர், 1746 முதல் 1748 வரை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், கடலூரில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர்கள். நடுவில் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். பிரெஞ்சுக்காரர்கள் 1674 முதல் புதுச்சேரியில் ஊன்றியவர்கள். ஆங்கிலேயர்கள் 1690இல் மராத்தியரிடமிருந்து கடலூர்க் கோட்டையை விலைக்கு வாங்கியவர்கள். இரு தரப்பும் வாங்கியது ஒரே சோழமண்டலக் கரைத் துணி. விற்றது ஒரே ஐரோப்பாவில். இது நீண்டகாலக் காரணம் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்காது. 1707இல் ஔரங்கசீப் இறந்த பிறகு முகலாயப் பிடி தளர்ந்ததையும் இதனோடு சேர்க்க வேண்டும். இருவரையும் அதட்டி அடக்கி வைக்கும் கை மேலே இல்லாமல் போயிற்று.

ஆனால் இந்தப் போட்டி மட்டுமே போரைக் கொண்டுவந்ததா? அதைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: இதே காரணம் இருந்தும் போர் வராத காலம் ஒன்று உண்டா? உண்டு. 1702 முதல் 1713 வரை ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்டிருந்தன. அப்போதும் இதே கரையில் இரண்டு கம்பெனிகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. ஆனால் இங்கே நிலத்தில் ஒரு கர்நாடகப் போர் வெடிக்கவில்லை. வணிகப் போட்டி மட்டும் இருந்தால் போர் வர இடம் இருக்கும், வந்தே தீர வேண்டும் என்பதில்லை. நீண்டகாலக் காரணத்தின் வேலை அவ்வளவுதான்.

அப்படியானால் இடையில் என்ன மாறியது? 1719க்குப் பிறகு பிரெஞ்சுக் கம்பெனி புதிதாகச் சீரமைக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அதன் வாணிபம் பல மடங்கு பெருகியது. பழைய சோனிப் போட்டியாளர் இப்போது பயப்பட வேண்டிய ஆளாகிவிட்டார். பிறகு 1740இல் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் தொடங்கியது. 1744இல் பிரான்ஸ் இங்கிலாந்தின்மீது முறைப்படி போர் அறிவித்தது. இந்தக் கரைப் பகுதியை ஆண்ட நவாபின் ஆர்க்காட்டிலும் அமைதி இல்லை. 1742இல் நவாப் சப்தர் அலி கொல்லப்பட்டார். அதன் பின் ஹைதராபாத் நிஜாம் அமர்த்திய அன்வாருதீன் அந்தப் பதவிக்குப் புதியவர். இவை குறுகியகாலக் காரணங்கள். போர் வரலாம் என்றிருந்ததை இவை போர் வரும் போலிருக்கிறது என்ற நிலைக்குத் தள்ளின.

இங்கே 1744 போர் அறிவிப்பைத்தான் உடனடிக் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அறிவிப்புச் செய்தி வந்ததும் இங்கே பீரங்கி முழங்கவில்லை, கடிதம்தான் போயிற்று. புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, சென்னையில் இருந்த ஆங்கிலேய ஆளுநர் மோர்ஸுக்கு, நாம் இங்கே நடுநிலையாக இருந்துகொள்வோம் என்று எழுதினார். மன்னரின் போர்க்கப்பல்கள் தம் ஆணைக்கு உட்பட்டவை அல்ல என்பதால் அந்த உறுதியை மோர்ஸால் தர முடியவில்லை. கம்பெனி வேறு, அரசுக் கடற்படை வேறு. அந்த இடைவெளியில்தான் போர் நுழைந்தது.

1745இல் பார்னெட் என்பவரின் தலைமையில் ஆங்கிலேய அரசுக் கடற்படை இந்தியக் கடலில் பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தது. மூட்டிய நிகழ்வு இதுதான். டூப்ளே நவாபிடம் பாதுகாப்புக் கேட்டார். தம் ஆட்சிப் பகுதியில் சண்டை கூடாது என்று நவாப் ஆங்கிலேயருக்குச் சொன்னார். நிலத்தில் அந்தச் சொல் செல்லும். கடலில் யார் கேட்பது? டூப்ளே மொரிஷியஸிலிருந்து பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்களை வரவழைத்தார். அவை 1746 ஜூலையில் நாகப்பட்டினம் அருகே ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதின. செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று.

இந்த வரிசையைத் தெரிந்துகொண்டவருக்கு இன்னொரு வழக்கமான பிழையும் தானே தெரியும். ‘இந்தியாவில் பேரரசு அமைக்கும் டூப்ளேயின் பேராசை’ என்பதை முதல் போரின் நீண்டகாலக் காரணம் என்று எழுதுகிறார்கள். அவர் புதுச்சேரி ஆளுநர் ஆனதே 1742இல். இரண்டு ஆண்டு கழித்து நடுநிலை கேட்டுக் கடிதம் எழுதியவரும் அவர்தான். உள்நாட்டு அரியணைச் சண்டைகளில் அவர் முழுமூச்சாக இறங்கியது இரண்டாம் கர்நாடகப் போரில். பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு முன்னால் கொண்டுபோய் ஒட்டும் வேலை இது. ஒரு காரணத்துக்கு ஆண்டு போட்டுப் பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. எந்தச் சம்பவத்துக்கும் இந்தப் பெயர்கள் நிரந்தரமாக ஒட்டியவை அல்ல. கேள்வி மாறினால் பெயரும் மாறும். ‘முதல் கர்நாடகப் போர் ஏன் மூண்டது?’ என்றால் 1745 கப்பல் பிடிப்பு மூட்டிய நிகழ்வு. ‘1746இல் சென்னை ஏன் வீழ்ந்தது?’ என்று கேட்டால் அதே கப்பல் பிடிப்பு குறுகியகாலக் காரணமாக ஒரு படி இறங்கிவிடும். ஜூலை மோதலுக்குப் பின் ஆங்கிலேயக் கப்பல்கள் இந்தக் கரையைவிட்டு வங்காளத்துக்கு விலகிப் போனதும், கடல் வழி திறந்து கிடந்தபோது லா பூர்தொனே சென்னைமுன் வந்து நின்றதும்தான் அங்கே மூட்டிய நிகழ்வு. நவாபின் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிய ‘அடையாற்றுப் போர் ஏன் நடந்தது?’ என்றால் சென்னையை நவாபிடம் ஒப்படைப்பதாகச் சொன்ன டூப்ளே ஒப்படைக்காதது முன்னுக்கு வரும். எனவே கேள்வியின் கடைசிச் சொல்லை அடிக்கோடிட்டுவிட்டு அதிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

ஒரு விடைத்தாளில் வழக்கமாக வருவது போன்ற வரிகள் இவை: ‘ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போட்டி இருந்தது. ஐரோப்பாவில் போர் நடந்தது. பார்னெட் கப்பல்களைப் பிடித்தார். எனவே போர் ஏற்பட்டது.’ ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கின்றன; ‘எனவே’ என்ற ஒற்றைச் சொல் எல்லாச் சுமையையும் தூக்குகிறது. அதையே இப்படி எழுதலாம்:

‘ஒரே கரையில் ஒரே சரக்கை வாங்கிய இரு கம்பெனிகளின் போட்டி பல பத்தாண்டுகளாகப் பகைக்கு இடம் தந்தது, ஆனால் 1702–13 காலத்தில் அது இங்கே போராகவில்லை. 1719க்குப் பின் பிரெஞ்சு வாணிபம் வளர்ந்ததும் 1744இல் இரு நாடுகளும் போரில் இறங்கியதும் அந்தப் பகையை முற்றச் செய்தன. ஆயினும் புதுச்சேரி நடுநிலையையே நாடியது. கம்பெனிக்குக் கட்டுப்படாத ஆங்கிலேய அரசுக் கடற்படை 1745இல் பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடித்ததே போரை மூட்டியது.’

‘இடம் தந்தது’, ‘முற்றச் செய்தன’, ‘மூட்டியது’ என்று வினைச்சொற்கள் மாறியிருப்பதைக் கவனியுங்கள். எது எந்த வகை என்று தனியே பெயர் ஒட்டாமலேயே திருத்துபவருக்குத் தெரிந்துவிடும். நடுவில் இருக்கும் ‘ஆனால்’, ‘ஆயினும்’ இரண்டும்தான் உண்மையில் மதிப்பெண் வாங்கித் தருபவை என்பது என் கணிப்பு. ஒவ்வொரு காரணமும் எதுவரை போகும், எங்கே போதாமல் போகும் என்று அவை காட்டுகின்றன.

கடைசியாக, ‘சாக்கு’. மூட்டிய நிகழ்வையும் சாக்கையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. சண்டைக்கு இறங்க ஏற்கெனவே முடிவுசெய்த ஒருவர் வெளியில் சொல்லிக்கொள்வது சாக்கு. அந்த முடிவையே உண்டாக்குவது மூட்டிய நிகழ்வு. முன்கூட்டியே போர்த்திட்டம் இருந்ததற்குச் சான்று கிடைத்தால் ‘சாக்கு’ என்று துணிந்து எழுதலாம். 1745 விஷயத்தில் டூப்ளேயின் நடுநிலைக் கடிதம் அதற்கு எதிராக நிற்கிறது.