கையிருப்பில் எவ்வளவு டாலர் என்பதல்ல, எத்தனை டாலர் கைக்கு வரும் என்பதே கேள்வி

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்ப்பவர்களிடம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "மத்திய வங்கியிடம்தான் இவ்வளவு கையிருப்பு இருக்கிறதே, டாலர் கிடைக்காமல் போகுமா என்ன?" போகும். 2008-இல் தென்கொரியாவில் அதுதான் நடந்தது. அந்தக் கதை தெரிந்தால், ஒரு நாட்டின் கையிருப்பு பற்றிய செய்தியை நீங்கள் படிக்கும் விதமே மாறிவிடும்.

அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் கொரிய மத்திய வங்கியிடம் சுமார் 24,000 கோடி டாலர் இருந்தது. உலகின் பெரிய கையிருப்புகளில் அதுவும் ஒன்று. எதிர்ப்பக்கத்தில், ஓராண்டுக்குள் திருப்பித் தரவேண்டிய வெளிநாட்டுக் கடன் 19,000 கோடி டாலரை ஒட்டி இருந்தது. இந்தக் கடன் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். ஊதாரித்தனமாக வாங்கிய கடன் என்று நினைத்துவிட வேண்டாம். கணிசமான பகுதி கப்பல் கட்டும் நிறுவனங்களால் வந்தது.

ஒரு கப்பலுக்கு ஆர்டர் வந்தால் பணம் இரண்டு, மூன்று ஆண்டுகளில் தவணையாக டாலரில் வரும். அதற்குள் டாலரின் விலை இறங்கிவிட்டால் நஷ்டம். அதனால் வரப்போகும் டாலரை நிறுவனம் இன்றே ஒரு விலை பேசி, வங்கியிடம் ஃபார்வர்டில் விற்றுவிடும். இப்போது அந்த ஆபத்து வங்கியின் தலையில். அதைத் தீர்க்க வங்கி வெளிநாட்டில் டாலர் கடன் வாங்கி, அதை உடனே கொரிய நாணயமான வோனுக்கு விற்று, அந்த வோனைப் பத்திரங்களில் போட்டுவைக்கும். கப்பல் பணம் வரும்போது டாலர் கடன் அடைந்துவிடும். கணக்கு நேராக இருக்கிறது, விலை ஏறினாலும் இறங்கினாலும் நஷ்டம் இல்லை. ஆனால் கப்பல் பணம் வர மூன்று ஆண்டு; வங்கி வாங்கிய கடனோ பெரும்பாலும் சில மாதங்களுக்கானது. தவணை வரும்போதெல்லாம் கடன் கொடுத்தவர் "சரி, இன்னும் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லீமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு யாரும் அப்படிச் சொல்லவில்லை. கொரிய வங்கிகள் தவறு செய்ததால் அல்ல. கடன் கொடுத்த வங்கிகளுக்கே டாலர் இல்லை.

மத்திய வங்கி கையிருப்பை எடுத்து இறக்கியது. அக்டோபர் ஒரே மாதத்தில் கையிருப்பு சுமார் 2,700 கோடி டாலர் குறைந்தது. இங்கேதான் கையிருப்பின் பலவீனம் தெரிகிறது. சந்தையில் பாய்ச்சிய டாலர் உதவுகிறது, ஆனால் மாத இறுதியில் குறைந்த எண்ணிக்கை வெளியாகும்போது, "இன்னும் எத்தனை மாதம் தாங்கும்?" என்று எல்லோரும் கூட்டிக் கழிக்கத் தொடங்குகிறார்கள். 20,000 கோடிக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்ற பேச்சு எழுந்தது. 1997-இல் கையிருப்பு வற்றி, பன்னாட்டு நிதியத்திடம் போய் நின்ற நினைவு அங்கே ஆறவில்லை. அக்டோபர் 19 அன்று, வங்கிகளின் வெளிநாட்டுக் கடனுக்கு 10,000 கோடி டாலர் வரை அரசு உத்தரவாதம் அறிவித்தது. அதன் பிறகும் வோன் சரிந்துகொண்டே இருந்தது.

அக்டோபர் 29 அன்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், கொரியா, பிரேசில், மெக்சிகோ, சிங்கப்பூர் நான்குக்கும் தலா 3,000 கோடி டாலர் ஸ்வாப் ஏற்பாட்டை, அதாவது நாணயங்களை மாற்றிக்கொண்டு தவணை முடிந்ததும் திருப்பித் தரும் ஏற்பாட்டை அறிவித்தது. மறுநாள் சியோலில் டாலரின் விலை 1,427 வோனிலிருந்து 1,250-க்கு இறங்கியது. ஒரு டாலர்கூட அப்போது கைமாறியிருக்கவில்லை.

24,000 கோடியால் முடியாததை 3,000 கோடி எப்படிச் செய்தது? வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். ஸ்வாப்பில் வந்த டாலரைக் கொரிய வங்கிகளுக்குக் கொடுக்க டிசம்பர் தொடக்கத்தில் நடந்த முதல் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். அளவு 400 கோடி டாலர். கணக்குக்காக டாலருக்கு 1,400 வோன் என்று வைத்தால், கொரிய மத்திய வங்கி 5.6 லட்சம் கோடி வோனை ஃபெடரல் ரிசர்வின் பெயரில் தன்னிடமே வரவு வைக்கும். நியூயார்க்கில் அதன் கணக்கில் 400 கோடி டாலர் வந்து விழும். தவணை முடிந்ததும் அதே 1,400 விலையில் இரண்டும் திரும்பிப் போகும். இடையில் வோன் 1,600-க்குப் போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. வட்டி மட்டும் டாலரில் கட்டவேண்டும். எந்த வங்கிக்கு எவ்வளவு கொடுப்பது, என்ன பத்திரத்தை அடமானம் பெறுவது என்பதெல்லாம் கொரிய மத்திய வங்கியின் பொறுப்பு. ஒரு வங்கி திவாலானால் அந்த நஷ்டமும் அதனுடையதே. ஃபெடரல் ரிசர்வுக்கு எதிரே நிற்பது ஒரு மத்திய வங்கி மட்டும்தான்.

கையிருப்பு கிணற்று நீர் மாதிரி, இறைக்க இறைக்க மட்டம் இறங்குவது வெளியே தெரியும். ஸ்வாப்பின் மறுமுனையில் நிற்பதோ டாலரை உருவாக்கும் வங்கி. உச்சத்தில் கொரியா எடுத்தது 1,635 கோடி டாலர்தான். 2009 டிசம்பருக்குள் முழுவதையும் திருப்பிவிட்டது.

இதை மந்திரம் என்று நினைப்பதும் தவறு. அறிவிப்புக்குப் பிறகும் வோன் மீண்டும் சரிந்து, 2009 மார்ச்சில் டாலரின் விலை 1,570 வோனைத் தொட்டது. முதலீட்டாளர்கள் பங்குகளை விற்று வெளியேறுவதை ஸ்வாப் தடுக்காது. தவணை வந்த வங்கிக் கடனுக்கு வழி செய்யும், அவ்வளவுதான். கடன் முதிர்வுக்கும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க, 2010-இல் வங்கிகளின் ஃபார்வர்ட் நிலுவைக்கு மூலதனத்தை வைத்து உச்சவரம்பு போட்டார்கள். என் பார்வையில் கொரியா கற்ற பாடங்களில் அதுவே பெரியது.

இந்த வாசல் எல்லோருக்கும் திறக்காது. ஃபெடரல் ரிசர்வ் வரம்பின்றி, நிரந்தரமாக ஏற்பாடு வைத்திருப்பது ஐரோப்பா, ஜப்பான், பிரிட்டன், கனடா, சுவிட்சர்லாந்து ஆகியவற்றின் மத்திய வங்கிகளுடன் மட்டும். 2020 மார்ச்சில் மேலும் ஒன்பது நாடுகளுக்குத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். கொரியாவின் பங்கு 6,000 கோடி. அந்த மாத இறுதியில், மற்ற மத்திய வங்கிகளும் தங்களிடமுள்ள அமெரிக்க அரசுப் பத்திரங்களை விற்காமல், அடமானம் வைத்து டாலர் பெற வழி செய்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குப் பத்திரம் முதலில் கையில் இருக்கவேண்டும்.

ஸ்வாப் என்ற பெயர் உள்ளதெல்லாம் ஒன்றல்ல என்பதை இலங்கை மக்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். 2021-இல் சீன மத்திய வங்கியுடன் 1,000 கோடி யுவானுக்கு, அதாவது சுமார் 150 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. அந்தத் தொகை கையிருப்புக் கணக்கிலும் ஏறியது. 2022 மார்ச் முடிவில் கையிருப்பு சுமார் 190 கோடி டாலர் என்று அறிவிப்பு. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அந்த யுவானைத் தொடலாம் என்பது நிபந்தனை. தட்டுப்பாடு வந்தபோது, அது எதற்காக வாங்கப்பட்டதோ அதற்கே உதவவில்லை. மே மாதம் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, செலவழிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் குறைவு.

எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது? நான் முதலில் பார்ப்பது உள்ளூர்ப் பணத்தைக் கொடுத்து மூன்று மாதத்துக்கு டாலர் வாங்கும் ஸ்வாப் சந்தையை. அங்கே மறைமுகமாக விழும் டாலர் வட்டி, நேரடி டாலர் கடன் வட்டியைவிடப் பல மடங்கு எகிறினால் டாலர் வற்றுகிறது என்று பொருள். நாணயத்தின் விலை அமைதியாக இருக்கும்போதே இது தெரிந்துவிடுவதுண்டு. அடுத்தது, பன்னாட்டு நிதியத்தின் படிவத்தில் பல மத்திய வங்கிகள் மாதந்தோறும் வெளியிடும் கையிருப்பு அட்டவணை. செய்திகளில் வருவது அதன் முதல் பகுதி. இரண்டாம் பகுதியில் அடுத்த ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டில் வெளியேறவேண்டிய டாலரும், மத்திய வங்கி ஏற்கெனவே ஃபார்வர்டில் விற்றுவிட்ட டாலரும் இருக்கும். முதல் பகுதியிலிருந்து அதைக் கழித்து, நிபந்தனையோடு வந்த ஸ்வாப் பணத்தையும் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பாருங்கள்.